'வேண்டாம்'னு சொன்னது யாரு?

என் சித்தப்பா பையன் அரிசி ஆலைகளுக்கு கலர் சார்ட்டர் விற்கிறான். கறுப்பு அரிசியை கேமராவில் பார்த்து, காற்றை ஊதித் தள்ளிவிடும் மெஷின். விழுப்புரம் பக்கம் ஓர் ஆலைக்கு மூன்று மாதமாக நடையாய் நடந்தான். முதலாளி டீ வாங்கிக் கொடுத்து, "பார்க்கலாம் தம்பி" என்பார். அவ்வளவுதான்.

ஒரு நிறுவனம் பொருள் வாங்கும்போது பயன்படுத்துபவர், யோசனை சொல்பவர், முடிவெடுப்பவர், வாங்குபவர், வாசலிலேயே மறிப்பவர் என ஐந்து வேடங்கள் உண்டு என்று வெப்ஸ்டர், விண்ட் என்ற பேராசிரியர்கள் 1972-லேயே எழுதிவிட்டார்கள். ஒருவரே இரண்டு வேடமும் கட்டலாம்.

நாங்கள் ஒரு தாளில் ஆலையை வரைந்தோம். மெஷினை ஓட்டப்போவது ஆபரேட்டர். விலை பேசுவதும், கொட்டேஷனை உள்ளே விடுவதும் கணக்குப்பிள்ளை. செக்கில் கையெழுத்து முதலாளி. அப்படியானால் முடிவும் அவர்தானே? எனக்கு நம்பிக்கையில்லை. "போன தடவை ஒரு மெஷினை வேண்டாம்னு சொன்னது யாரு?" என்று ஆபரேட்டரிடம் கேட்கச் சொன்னேன்.

திண்டிவனத்தில் இருக்கும் மெக்கானிக்காம்! ஆலையின் சம்பளப் பட்டியலிலேயே இல்லாதவர். கம்ப்ரஸர் காற்றில் ஈரம் இருந்தால் சார்ட்டர் வால்வு கெடும். ராத்திரியில் ஓடிவர வேண்டியவர் அவர்தான். அவர் தலையாட்டாமல் முதலாளி அசைய மாட்டார்.

தம்பி ஏர் டிரையர் விவரத்தோடு திண்டிவனம் போனான். மெக்கானிக் சம்மதித்துவிட்டார். ஆனால் அவரால் தடுக்கத்தான் முடியும், பணம் கொடுக்க முடியாது. "தை அறுவடை நெல் வரட்டும்" என்கிறார் முதலாளி.