ஒன்பது இலக்க எண்

"நீ சொல்ற மாதிரியேதான்டா அவனும் சொன்னான்" என்றார் அம்மா. பணம் போன பிறகு என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அதுதான். அதற்குப் பிறகு எத்தனையோ பேசிவிட்டோம். ஆனால் எனக்குள் தங்கிப்போனது அது மட்டும்தான்.

அம்மா காரைக்குடியில் தனியாக இருக்கிறார். நான் பெங்களூரில். 2020 லாக்டவுனில் ஊருக்குப் போக முடியாதபோது, அவர் ஃபோனில் ஒரு ரிமோட் சப்போர்ட் செயலியைப் போட வைத்தேன். அலுவலகத்தில் நாங்கள் தினமும் பயன்படுத்தும் வகைதான். கரண்ட் பில் கட்டவோ, கேஸ் புக் பண்ணவோ தடுமாறினால் எனக்குக் கூப்பிடுவார். "செயலியத் திறங்கம்மா. ஒன்பது நம்பர் தெரியுதா? படிங்க. இப்ப ஒரு பெட்டி வரும், சரின்னு அமுக்குங்க." அவ்வளவுதான், அவர் திரை என் மேஜைக்கு வந்துவிடும். நாலு வருஷத்தில் அந்த வரிசை அவருக்கு மனப்பாடமாகிவிட்டது.

அன்று வீட்டில் இரண்டு நாளாக நெட் இல்லை. "பிராட்பேண்ட் ஆபீஸ்ல இருந்து டெக்னீஷியன் பேசறேன்மா, நெட் சரியா வரலையா?" என்று ஒருவன் கூப்பிட்டான். வரவில்லை என்பது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. நூறு பேரிடம் கேட்டால் பாதிப் பேர் ஆமாம் என்பார்கள். அம்மாவும் ஆமாம் என்றார், ரூட்டரில் சிவப்பு விளக்கு எரிவதையும் சொன்னார்.

நியாயமாக, அந்த இடத்திலேயே அவன் மாட்டியிருக்க வேண்டும். ஃபைபர் இணைப்பில் தகவல் வருவது ஒளியாக. எல்.ஓ.எஸ். என்று எழுதியிருக்கும் இடத்தில் சிவப்பு எரிந்தால், அந்த ஒளி பெட்டிக்கு வந்து சேரவில்லை என்று அர்த்தம். எங்கோ கேபிள் அறுந்திருக்கும், மடங்கியிருக்கும், இல்லை செருகியது கழன்றிருக்கும். ஓர் ஆள் வந்துதான் ஒட்ட வேண்டும். அந்த வேலையில் நம் மொபைலுக்கு எந்தப் பங்கும் கிடையாது. இது எனக்குத் தெரியும். அம்மாவிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நெட் போனால் செயலியைத் திறந்து எண்ணைப் படிக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்லிக்கொடுத்திருந்தது.

அவன் கேட்டதும் அதே செயலி, அதே ஒன்பது எண். ஓடிபியை யாருக்கும் சொல்லக் கூடாது என்று அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். இது ஓடிபி இல்லையே? இதை மகனுக்குப் பலமுறை படித்துக் காட்டியிருக்கிறாரே?

அடுத்து "பத்து ரூபாய் சரிபார்ப்புக் கட்டணம்" என்று ஒரு லிங்க் அனுப்பினான். வங்கிச் செயலியைத் திறக்கச் சொல்லவில்லை. பல வங்கிச் செயலிகள், திரையை வேறொருவர் பார்க்கும்போது கறுப்பாகிவிடும். சில திறக்கவே திறக்காது. பிரௌசரில் வரும் பக்கத்துக்கு அந்தக் காவல் இல்லை. அம்மா கார்டு எண்ணையும் பின்பக்கத்து மூன்று இலக்கத்தையும் அதில் அடித்தார். அந்த எண்களைக் கொண்டு அவன் வேறெங்கோ பொருள் வாங்க ஆரம்பித்தான். ஓடிபி அம்மாவின் திரையில் வந்து விழுந்தது. அவன் கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டான். அந்த எஸ்எம்எஸ்ஸிலேயே தொகை ரூ.24,500 என்று இருந்தது. பத்து ரூபாய்க்கு அப்படி ஒரு செய்தி வராது. ஆனால் "ரூட்டர் லைட்டப் பாத்துக்கிட்டே இருங்கம்மா" என்று அவரைப் பெட்டிக்கு முன்னால் நிறுத்தியிருந்தான். அடுத்து ரூ.19,900 போனது.

வந்திருந்த செய்திகளை அம்மா தற்செயலாகப் பார்த்துவிட்டு எனக்குக் கூப்பிட்டார். மொபைல் டேட்டாவை அணைக்கச் சொன்னேன். அப்போதுதான் அவன் பார்வை அறுந்தது. வங்கிக்குப் பேசிக் கார்டை முடக்கினோம், 1930-இல் புகார் கொடுத்தோம். இரண்டாவது தொகை கைமாறுவதற்குள் நிறுத்திவைக்கப்பட்டது. முதல் தொகை போனது போனதுதான்.

வங்கியில் ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கையைக் காட்டினார்கள். வாடிக்கையாளரின் அலட்சியத்தால் நேர்ந்த இழப்பு, அவர் புகார் சொல்லும் வரை அவரையே சேரும். அம்மா "அலட்சியம்" என்ற சொல்லை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். எனக்குத் தலை நிமிரவில்லை. 2019 பிப்ரவரியிலேயே இதே ஒன்பது இலக்க வித்தையைப் பற்றி ரிசர்வ் வங்கி வங்கிகளை எச்சரித்திருந்தது. நான் அந்தச் செய்தியைப் படித்திருந்தேன். அடுத்த வருஷம்தான் அம்மா ஃபோனில் அந்தச் செயலியைப் போட வைத்தேன்.

செயலியை இப்போது நீக்கிவிட்டோம். உதவி வேண்டுமென்றால் பக்கத்து வீட்டு அக்காவின் ஃபோனில் வீடியோ காலில் வந்து தன் திரையைக் காட்டுகிறார். நேரமாகிறது, எரிச்சலும் வருகிறது. பில்லில் இருக்கும் எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி ரூட்டர் மேல் ஒட்டியிருக்கிறோம். நெட் போனால் அம்மாதான் அவர்களைக் கூப்பிடுவார். அவர்கள் கூப்பிட்டால் வைத்துவிடுவார்.

போன மாதம் உண்மையான லைன்மேன் ஒருவர் வாசலில் வந்து நின்றுகொண்டு கூப்பிட்டாராம். அம்மா கட் பண்ணிவிட்டு, பில்லில் இருந்த எண்ணுக்கு அடித்து, ஆள் அனுப்பியிருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுத்தான் கதவைத் திறந்திருக்கிறார்.

"பாவம், வெயில்ல நின்னாரு" என்றார் அம்மா. "மோர் குடுத்தேன்."