சமத்தைத் தவறவிடும் பாதம்

திரைக்கதைகளின் நடனக் காட்சிகளில் ‘இங்கே ஸ்லோ மோஷன்’ என்றொரு குறிப்பு வெகு இயல்பாக எழுதப்படுகிறது. சண்டைக்காட்சியில் இதனால் பெரிய இடரில்லை. தாளத்துக்கு ஆடும் ஆட்டத்தில் நிலைமை வேறு. படம் நிதானிக்கலாம், பாட்டு நிதானிக்காது.

கதக் காட்சி ஒன்றைக் கொள்வோம். தீன்தால் 16 மாத்திரைகள் கொண்டது. நிமிடத்துக்கு 120 மாத்திரை என்னும் வேகத்தில் ஓர் ஆவர்த்தம் 8 நொடி. ஆடுபவர் 15, 16ஆம் மாத்திரைகளில் கடைசிச் சக்கரைச் சுழன்று, அடுத்த ஆவர்த்தத்தின் முதல் மாத்திரையாகிய சமத்தில் பாதம் பதிக்கிறார். ‘கடைசிச் சக்கர் மெதுவாக, பாதம் விழுகையில் இயல்பு வேகம்’ என்பது திரைக்கதைக் குறிப்பு. ஒரு நொடியில் முடியும் சுழற்சியைப் பாதி வேகத்தில் காட்டினால் இரண்டு நொடியாகும். அதாவது நான்கு மாத்திரை. தபலா சமத்தைத் தொட்டு ஒரு நொடி கழிந்த பின்னரே பாதம் தரையைத் தொடும். தாளம் அறியாத பார்வையாளருக்கும் ஏதோ பிசகியது புலப்படும்.

ஆகவே குறிப்பு வேகத்தை மட்டுமன்றி மாத்திரையையும் சொல்லவேண்டும்: ‘13 முதல் 16 வரை பாதி வேகம்; சமத்தில் இயல்பு.’ இதைக் கொண்டு படப்பிடிப்புக்கெனத் தனி ஒலித்தடம் அமைக்கலாம். முதல் 12 மாத்திரைகள் இயல்பாக ஒலிக்கும். கடைசி நான்கும் இருமடங்கு வேகத்தில், ஒரே நொடியில் கடக்கும். முழுவதையும் நொடிக்கு 48 ஃபிரேம் வீதம் எடுத்து, படத்தொகுப்பில் முதற்பகுதிக்கு ஒன்றுவிட்ட ஃபிரேம்களையும் சுழற்சிக்கு எல்லா ஃபிரேம்களையும் பயன்படுத்தினால், 24 ஃபிரேம் திரையில் முறையே 6 நொடியும் 2 நொடியும் கிடைக்கும். பாதம் சமத்தில் விழும். பாடலை இருமடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டு உதடசைவைப் பொருத்தும் பழைய படப்பிடிப்பு வழக்கமே இதற்கும் அடிப்படை.

இதற்கொரு விலையுண்டு. சக்கருக்கு முந்தைய அடவுகள் 14 மாத்திரைக்குப் பதில் 12இல் முடியவேண்டும். அவை திஹாயின் பகுதியாயின், செவிக்கு அது முழுமையாகக் கேட்கும். காலில் இரண்டு மாத்திரை குறையும். எங்கே குறைப்பது என்பதை நடன ஆசிரியர்தான் முடிவுசெய்ய இயலும். குறிப்பு அவரிடம் ஒத்திகைக்கு முன்பே சேரவேண்டியதன் காரணம் இதுவே. படத்தொகுப்பு மேசையில் நினைவுக்கு வந்தால் காலம் கடந்துவிடும். 24 ஃபிரேமில் எடுத்ததை மெதுவாக்கினால் ஒவ்வொரு ஃபிரேமும் இருமுறை வந்து சுழற்சி திக்கும், அல்லது மென்பொருள் புனைந்த இடைப்படங்களில் சலங்கை கட்டிய கணுக்கால் கரைந்து தெரியும்.

வேகம் சட்டென்று மாறாமல் சில ஃபிரேம்களில் படிப்படியாகத் தணிந்தால் மேற்கண்ட கணக்கும் சற்று மாறும். அப்போது சமத்தின் ஃபிரேமை முதலில் நிலைநிறுத்திவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி அளப்பதே எளிது.

தபலாக் கலைஞரைச் சுழற்சியின்போது சட்டகத்துக்குள் வைக்காதிருப்பதும் நலம். அவர் அந்த இருமடங்கு வேகத் தடத்துக்கு ஈடாக வாசித்தாலன்றி, திரையில் விரல் ஒருபுறமும் சொற்கட்டு மறுபுறமுமாகப் பிரிந்துவிடும்.