இருபது ரூபாய் வித்தியாசம்

நேற்று நான் செய்த ஒரு தப்பைப் பற்றி எழுதப் போகிறேன். கணக்கு வாத்தியாராக முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவன் செய்யக்கூடாத தப்பு.

என் தம்பி திருச்சியில் இரண்டு வாடகைக் கார் வைத்திருக்கிறான். டிரைவர்கள் பார்க்கிங் சீட்டு, டோல் சீட்டு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புவார்கள். உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், வண்டி வகை, கட்டணம் என்று நாலு கட்டம் போட்ட நோட்டில் நான் ஏற்றுவேன். ரிட்டயர் ஆனவனுக்கு ஒரு வேலை.

போன வாரம் ஒரு டிரைவர் தம்பி, நோயாளி ஒருவரை மதுரையில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பார்க்கிங்குக்கு 120 ரூபாய் என்று கேட்டார். சீட்டின் போட்டோவில் OUT 14:25 தெளிவாக இருந்தது. IN நேரம் மங்கலாக இருந்ததை 09:40 என்று படித்தேன். கீழே 101.69 என்று ஒரு தொகை. அதற்கும் கீழே அவருடைய கட்டைவிரல் மறைத்திருந்தது.

அங்கே காருக்கு முதல் 2 மணி நேரத்துக்கு 40 ரூபாய், அப்புறம் ஒவ்வொரு மணிக்கும், அதில் ஒரு பகுதிக்கும் 20 ரூபாய். கட்டணப் பலகையின் படம் முன்பே என்னிடம் இருந்தது. 9:40 முதல் 14:25 வரை 4 மணி 45 நிமிடம். 40 போக மூன்று இருபது, ஆக 100. சீட்டிலும் நூற்றுச் சொச்சம்தானே இருக்கிறது என்று பைசாவைத் தள்ளிவிட்டு, 100 என்று எழுதி, தம்பியிடமும் சொல்லிவிட்டேன். அவன் அந்தப் பையனை வார்த்தையால் சுட்டுவிட்டான்.

சாயங்காலம் அவர் போன் பண்ணினார். "சார், இருபது ரூபாய்க்கு நான் பொய் சொல்லுவேனா?" அவ்வளவுதான் கேட்டார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

எழுந்து மறுபடி போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 101.69-க்குக் கீழே CGST 9.15, SGST 9.15 என்று பொடி எழுத்தில் இரண்டு வரி. நான் கட்டணம் என்று எடுத்தது வரிக்கு முந்தைய தொகை! மூன்றையும் கூட்டினால் 119.99. ஒரு பைசா ரவுண்டு ஆனால் 120. விரலுக்கு அடியில் இருந்த மொத்தம் அதுதான்.

அப்படியானால் 09:40 எப்படிச் சரியாகும்? 120 வசூலிக்க வேண்டுமென்றால் நாற்பதுக்கு மேல் நாலு இருபது. அதாவது வண்டி 5 மணி நேரத்துக்கு மேல், 6 மணிக்குள் நின்றிருக்க வேண்டும். 14:25-லிருந்து பின்னால் எண்ணினால், 8:25-க்கும் 9:25-க்கும் நடுவில் உள்ளே போயிருக்க வேண்டும். நிமிடம் 40 என்பது தெளிவு. எனவே 8:40 மட்டுமே பொருந்தும். மங்கின இலக்கம் 6 ஆக இருந்தால் 160 ஆகியிருக்கும்.

போட்டோவில் வெளிச்சத்தைக் குறைத்து, கறுப்பைக் கூட்டிப் பார்த்தேன். வண்டி நம்பரில் ஒரு நல்ல 9 இருந்தது. அதற்கு இடது கீழ்ப்பக்கம் வெறும் வெள்ளை. IN நேரத்தில் நான் 9 என்று நினைத்ததற்கு அந்த இடத்தில் சாம்பல் நிறமாய் ஒரு வளைவு தெரிந்தது. அது 8. இந்தச் சீட்டுகளில் மை கிடையாது, சூட்டில் கறுக்கிற காகிதம். சட்டைப் பையில் வியர்வை பட்டால், வெயிலில் டேஷ்போர்டில் கிடந்தால் எழுத்து போய்விடும்.

இரண்டு தப்பும் ஒன்றுக்கொன்று சாட்சி சொன்னதால்தான் ஏமாந்தேன். நேரத்தைத் தப்பாய்ப் படித்தேன், தொகையையும் தப்பாய்ப் படித்தேன், இரண்டும் கைகோத்து நின்றன.

வண்டி வகையில் சிக்கல் இல்லை. சீட்டில் 4W என்று இருந்தது, கார் கட்டணமும் பொருந்தியது. டோல் சீட்டு வேறு மாதிரி. அதில் ஒரே ஒரு நேரம்தான் இருக்கும், வாசலைக் கடந்த நேரம். வெளியேறிய நேரக் கட்டத்தை நான் காலியாக விடுவேன். 24 மணிக்குள் திரும்பும் பயணம் என்றால் ஒரு வழிக் கட்டணத்தைப் போல ஒன்றரை மடங்கு. அது தெரியாமல் ஆரம்பத்தில் அதே சீட்டைப் போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு தடவை ஏற்றியிருக்கிறேன்!

காலையில் தம்பிக்குப் போன் பண்ணினேன். "தப்பு என்னுதுடா, அந்தப் பையன் சொன்னது சரி" என்றேன். "சரிண்ணே, காசு போட்டுவிடுறேன்" என்றான். பேசின வார்த்தைக்கு என்ன பண்ணப் போகிறாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை.

அந்த டிரைவர் தம்பியிடம் நானே பேசினேன். "பரவாயில்லை சார்" என்றார். மத்தியானம் ஒரு புது சீட்டின் போட்டோ வந்தது. சீட்டைக் காரின் சீட்டில் மட்டமாக வைத்து, நாலு ஓரமும் தெரிய எடுத்திருந்தார். விரல் எங்கேயும் இல்லை.