படிப்பவர்களும் கேட்பவர்களும்: புணேயில் ஒரு திரையிடல்

சென்ற மே மாதம், புணே கட்கிப் பகுதியில் ஒரு சிறு மண்டபத்தில் ஜான் ஆபிரகாமின் ‘அக்ரஹாரத்தில் கழுதை’ (1977) திரைப்படத்தைத் திரையிட்டோம். புணே திரைப்படக் கல்லூரியில் பயின்ற ஒருவர் இயக்கிய தமிழ்ப் படம். சிறந்த தமிழ்த் திரைப்படத்துக்கான தேசிய விருது பெற்றது. ஆயினும் இந்நகரில் மூன்று தலைமுறையாக வாழும் தமிழர்களுள் நான் அறிந்த பலர் அதன் பெயரைக்கூடக் கேட்டதில்லை. திரையிடலை எவ்வாறு நடத்தினீர்கள் என்று ஆய்வு நண்பர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். அவர்களுக்காகவே இந்த நீண்ட பதிவு. நான் செய்த பிழையையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

முதலில் அனுமதி. கல்வி நிறுவனத்துக்குள் மாணவர், ஆசிரியர், பெற்றோர் போன்றோர் மட்டும் காணும் திரையிடலுக்கு 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் விலக்களிக்கிறது. ஊரார் கூடும் மண்டபத்துக்கு அந்த விலக்கு பொருந்தாது. உரிமை உடையவரிடமிருந்து எழுத்து வடிவில் இசைவு பெற்ற பிறகே மண்டபத்துக்கு முன்பணம் கட்டினோம். வர இருந்தவர்களில் பாதிப் பேர் மராத்தி அண்டை வீட்டார் என்பதால், மராத்தியில் துணைத்தலைப்பு சேர்க்கவும் இசைவு கேட்டுப் பெற்றோம். அந்த மொழிபெயர்ப்புக்கு நானும் ஒரு மராத்தித் தோழியும் ஆறு வாரம் செலவிட்டோம்.

மண்டபம் நாற்பது அடி நீளம், இருபத்துநான்கு அடி அகலம், பன்னிரண்டு அடி உயரம். தரை கடப்பைக்கல், மேற்குச் சுவர் முழுவதும் சன்னல்கள். எட்டடி அகலமும் ஆறடி உயரமும் உள்ள வெண்திரையை வாடகைக்கு எடுத்தோம். கடைக்காரர் 3000 லூமன் புரொஜெக்டர் ஒன்றையும், ஏறத்தாழ இரு மடங்கு வாடகையில் 5000 லூமன் புரொஜெக்டர் ஒன்றையும் காட்டி, “மண்டபத்துக்குப் பெரியதே வேண்டும்” என்றார். நானும் அவ்வாறே நம்பியிருந்தேன். இரவு உட்கார்ந்து கணக்கிட்ட போதுதான் ஐயம் எழுந்தது.

எங்களுக்குக் கிடைத்த பிரதி 4:3 சட்டகத்தில் இருந்தது. அகன்ற 16:9 புரொஜெக்டரில் அதைக் காட்டினால் ஒளியில் முக்கால் பங்கே படத்துக்குப் பயன்படும். இரு ஓரங்களும் கறுப்பாகவே நிற்கும். ஆகவே 3000 என்பது 2250 ஆகிறது. படம் பார்ப்பதற்குரிய அமைப்பில் வைத்தால் வெளிச்சம் ஏறத்தாழ மேலும் பாதியாகக் குறையும். மீதமுள்ளதைத் திரையின் 48 சதுர அடிக்குப் பங்கிட்டால் சதுர அடிக்கு ஏறத்தாழ 23 லூமன் வருகிறது. திரையரங்குகளின் டிஜிட்டல் தரம் கேட்பது ஏறத்தாழ 14 மட்டுமே. சிறிய கருவியே போதும். ஆனால் அந்தத் தரம் இருளை முன்நிபந்தனையாகக் கொண்டது.

இருளில்தான் சிக்கல் இருந்தது. மே மாதத்தில் புணேயில் சூரியன் மறைய ஏழு மணி ஆகிறது. நாங்கள் அறிவித்திருந்த நேரம் ஆறு. முந்தைய வாரம் அதே நேரத்தில் சென்று, திரைச்சீலைகளை இழுத்துவிட்டுக் கைப்பேசியின் ஒளிமானியைத் திரைமேல் வைத்துப் பார்த்தேன். 50 லக்ஸ் காட்டியது. சதுர அடிக்கு ஏறத்தாழ 5 லூமன். புரொஜெக்டருக்குக் கறுப்பை உண்டாக்கத் தெரியாது. ஒளி விழாத திரை எவ்வளவு வெளுத்திருக்கிறதோ அதுவே அன்றைய படத்தின் கறுப்பு. ஆக வெண்மைக்கும் கறுமைக்கும் உள்ள வேறுபாடு 28க்கு 5, ஆறு மடங்குகூட இல்லை. 5000 லூமன் கருவியை வைத்தாலும் ஒன்பது மடங்குதான். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு இது பேரிழப்பு. நிழலில் நிற்கும் முகங்கள் யாவும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். பெரிய கருவிக்கென ஒதுக்கிய பணத்தில் கறுப்புக் காடாத் துணி வாங்கி, சன்னல்களின் உட்புறம் இரண்டு மடிப்பாக ஆணியடித்தோம். ஒளிமானி 2 லக்ஸுக்கு இறங்கியது. வேறுபாடு ஏறத்தாழ நூறு மடங்காயிற்று. வெப்பமும் ஏறியது, அதற்காக வந்திருந்தோரிடம் இன்னும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒலிக்கு வருகிறேன். காலியான மண்டபத்தில் கைதட்டினால் ஓசை இரண்டு நொடிக்கு மேல் நின்று இழைந்தது. கல் தரையும் பூச்சுச் சுவரும் ஒலியைத் திருப்பியனுப்புவதால், ஓர் எழுத்தின் வால் அடுத்த எழுத்தின் தலைமேல் ஏறிவிடுகிறது. உயிரொலிகள் வலிமையானவை, தப்பிவிடும், அழிபவை மெய்கள். மொழியியல் படித்ததன் பயனாக ஒரு சோதனை நினைவுக்கு வந்தது. முதல் எழுத்து மட்டும் மாறுபடும் சொற்களை ஒலிபெருக்கியில் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். கேட்பவர் தமக்குக் கேட்டதை எழுத வேண்டும். கடம், சடம், தடம், நடம், படம், மடம், வடம். மண்டபத்துக்கு எதிர்வீட்டுப் பாட்டி ஒருவரைக் கடைசி நாற்காலியில் அமர்த்தினோம். வேலூர்ப் பக்கத்திலிருந்து திருமணமாகி இங்கே வந்தவர். தாளைப் பார்த்து, “கண்ணு, எல்லாமே ‘அடம்’னுதான் கேக்குது. எழுதவா?” என்றார்.

ஒலியைக் கூட்டுவதே எவருக்கும் முதலில் தோன்றும். கூட்டினால் எதிரொலியும் சேர்ந்தே கூடுகிறது. நாங்கள் செய்தவை மூன்று. திரையின் இருபுறமும் இருந்த ஒலிபெருக்கிகளைத் தலைகளுக்கு மேலாக உயர்த்தி, சுவரை நோக்காமல் பின்வரிசைகளை நோக்கித் திருப்பினோம். மிக்சரில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள முழக்கத்தை வெட்டினோம். பழைய ஒலித்தடத்தில் அங்கே பேச்சின் தெளிவுக்கு உதவுவது அதிகம் இல்லை. பக்கச் சுவர்களில் வாடகைக் கம்பளங்களைத் தொங்கவிட்டோம். பாட்டி இம்முறை ஏழில் ஐந்தைச் சரியாக எழுதினார். தடத்தையும் படத்தையும் மட்டும் இடம் மாற்றியிருந்தார். மீதிக்கு நான் கவலைப்படவில்லை. அமர்ந்திருக்கும் மனிதரே மிகச் சிறந்த கம்பளம். ஒருவர் ஏறத்தாழ நான்கரை சதுர அடித் திறந்த சன்னல் அளவுக்கு ஒலியை விழுங்குகிறார். எண்பது பேர் வந்தால் எதிரொலி ஒரு நொடிக்கும் கீழே வந்துவிடும் என்பது கணக்கு. அதே காரணத்தால் ஒலி சற்றுத் தாழ்ந்தும் போகும். எனவே காலையில் சரியாக வைத்த அளவை மண்டபம் நிறைந்ததும் சிறிது உயர்த்த வேண்டியிருந்தது. மடிக்கணினியின் மின்னேற்றியைச் செருகியபோது எழுந்த ஒரே சீரான இரைச்சலுக்கும் மருந்து எளிதாகவே கிடைத்தது. கணினியையும் ஒலிபெருக்கிகளையும் ஒரே மின்பலகையில் இணைத்ததும் அது நின்றது.

இனி என் பிழை. இருக்கைகளைப் பற்றி நான் பெருமையோடு ஒரு திட்டம் வகுத்திருந்தேன். மண்டபத்தின் தரை சமதளம். அமர்ந்தவரின் கண் மூன்றே முக்கால் அடி உயரத்தில் இருந்தால், முன்னிருப்பவரின் உச்சி அதைவிட ஏறத்தாழ ஐந்து அங்குலம் மேலே நிற்கிறது. வரிசைகளுக்கிடையே மூன்றடிதான். கடைசி வரிசைக்காரரின் பார்வை முன்தலையைத் தாண்டி முப்பத்துநான்கு அடி தொலைவிலுள்ள திரையை எட்டும்போது எட்டடி உயரத்துக்கு மேலேதான் போய்ச் சேரும். எங்கள் திரையின் கீழ்விளிம்பு நாலரை அடியில். பாதிக்கு மேல் படம் போய்விடும். அதனால் நாற்காலிகளை அரை நாற்காலி அளவு விலக்கி, ஒன்றுவிட்டு ஒன்றாக அமைத்தோம். இப்போது மறைப்பவர் இரண்டு வரிசை முன்னிருப்பவர். பார்வை ஆறடிக்கு இறங்கியது. கீழே ஒன்றரை அடி மட்டும் மறையும். அந்த ஒன்றரை அடியில்தான் துணைத்தலைப்பு இருந்தது.

ஆகவே படிப்பவர்கள் முன்னே, கேட்பவர்கள் பின்னே என்று முடிவு செய்தேன். மராத்தி நண்பர்களுக்கும், தமிழ் புரியாத நம் பிள்ளைகளுக்கும் முன்னே ஜமக்காளமும் முதல் நான்கு வரிசையும்; தமிழ் அறிந்த முதியோருக்குப் பின்வரிசைகள். தாளில் அழகாகவே இருந்தது. ஐந்தரை மணிக்கு முதியோர் வந்து, வழக்கம்போல் முன்வரிசையில் அமர்ந்தார்கள். காது மந்தமானவர்கள் வேறெங்கே அமர்வார்கள்? வாயசைவையும் பார்த்துத்தான் அவர்கள் கேட்கிறார்கள் என்பதை, ஒலியனியலில் தேர்வெழுதிய நான் எண்ணிப் பார்க்கவில்லை. அவர்களை எழுப்பிப் பின்னே அனுப்ப எனக்கு நா எழவில்லை. யார் எங்கே இருக்கலாம் என்பதைப் பற்றிய அந்தப் படத்தைக் காட்ட அழைத்துவிட்டு அதை எப்படிச் சொல்வது? மராத்திக் குடும்பங்கள் ஆறு மணிக்கு வந்து, மீதமிருந்த பின்வரிசைகளில் அமைதியாக அமர்ந்தன.

பத்து நிமிடத்துக்குள் பின்னே தலைகள் இடமும் வலமும் ஆடத் தொடங்கின. படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டேன். துணைத்தலைப்பு படத்தோடு ஒட்டாத தனிக் கோப்பாக இருந்தது எங்கள் நல்வினை. VLC செயலியின் அமைப்புகளில் துணைத்தலைப்புப் பகுதியில் `Force subtitle position` என்றொரு கட்டம் உண்டு. அதில் எண்ணைக் கூட்டினால் எழுத்து மேலேறும்; படத்தை மூடித் திறந்தால்தான் மாற்றம் தெரியும். கடைசி வரிசையில் தோழியை நிறுத்தி, “தெரிகிறதா?” என்று கேட்டுக் கேட்டு மூன்று முறை மாற்றினேன். எழுத்து சிலருடைய மார்பின்மீதும், அண்மைக் காட்சிகளில் தாடையின்மீதும் விழுந்தது. படத்துக்கு அது அவமரியாதை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் தலைகள் ஆடுவது நின்றது. இதை முந்தைய வாரமே, நாலு பேரை நாற்காலிகளில் உட்கார வைத்துச் சோதித்திருக்கலாம். ஒலிக்குப் பாட்டியை அமர்த்திய நான், எழுத்துக்கு எவரையும் அமர்த்தவில்லை.

கலந்துரையாடலுக்கு இருபது நிமிடம் ஒதுக்கியிருந்தோம், ஒரே ஒலிவாங்கி. அதை ஒலிபெருக்கிக்கு முன்னே கொண்டுபோனால் வீறிடும் என்பதால், மையப் பாதையில் நின்றவாறே கைமாற்றினோம். “படம் எப்படி இருந்தது” என்று கேட்டால் “நன்றாக இருந்தது” என்பதோடு முடிந்துவிடும். ஆகவே, எந்தக் காட்சியில் உங்கள் கண் திரையின் எப்பகுதியில் இருந்தது என்று கேட்டேன். நெடுநேரம் எவரும் பேசவில்லை. அந்த அமைதியை நிரப்பாமல் இருக்க நான் பட்ட பாடு பெரிது.

பின்வரிசையிலிருந்து ஓர் ஆஜோபா எழுந்தார். மராத்தியில் சொன்னார்: “படம் முழுதும் எழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஊமைப் பெண் வரும்போது மட்டும் எழுத்து இல்லை. அப்போதுதான் ஒருவருடைய முகத்தை முழுதாகப் பார்த்தேன்.”

தோழி அதைத் தமிழில் சொன்னாள். முன்வரிசையில் இருந்த எதிர்வீட்டுப் பாட்டி ஒலிவாங்கியை வாங்காமலே திரும்பி, “எனக்கும் அவ வரப்பதான் நல்லாக் கேட்டுது” என்றார். மண்டபம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அருகிலிருந்த பேத்தி மராத்தியில் ஆஜோபாவிடம் அதைத் திருப்பிச் சொன்னாள். அவர் அங்கிருந்தே கைகூப்பினார். அதற்குள் காவலாளி வந்து, எட்டரைக்குள் நாற்காலிகளை அடுக்கிவிட வேண்டும் என்றார்.