வீட்டு வரிக் கணக்கை நாமே போட்டுப் பார்ப்போமே!

பால் கணக்கு, மளிகைக் கணக்கு, சீட்டுக் கணக்கு எல்லாம் நம் கையில்தான் இருக்கிறது. வீட்டு வரி மட்டும் "அது ஆம்பளைங்க பாடு" என்று ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் அதில் வருவதெல்லாம் ஒரு பெருக்கலும் ஒரு கழித்தலும்தான். காய்க்காரரிடம் நாம் போடும் கணக்கைவிடக் கடினமில்லை.

கம்பம் பள்ளத்தாக்கில், நகராட்சிக்கு உட்பட்ட ஓர் ஊரில் எங்கள் வீடு. 2024 ஏப்ரலில் வரி நோட்டீஸ் கம்ப்யூட்டரில் வந்திருந்தது. மதுரையில் வேலை பார்க்கும் மகன் அதைப் படமெடுத்து என் போனுக்கு அனுப்பி, "அம்மா, கட்டிரட்டுமா?" என்று கேட்டான். "இருடா, பார்த்துச் சொல்றேன்" என்றேன்.

படத்தில் மூன்று எண்களைத்தான் தேடினேன். கட்டடப் பரப்பு 1,275 சதுர அடி. விகிதம், அரையாண்டுக்குச் சதுர அடிக்கு ரூ.1.40. வரி ரூ.1,785. பெருக்கிப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. ஆனால் 1,275 என்ற எண் மட்டும் உறுத்தியது. வீடு கட்டும்போது நீளம் 46 அடி, அகலம் 25 அடி என்று கொத்தனார் சொன்னது எனக்கு மனப்பாடம். பெருக்கினால் 1,150 தானே?

மருமகளை டேப்பின் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி, வெளிச்சுவர் தொடங்கி வெளிச்சுவர் வரை அளந்தோம். 1,150 தான். மிச்சம் 125 சதுர அடி எங்கிருந்து வந்தது? பின்னால் துவைகல் போட்ட திறந்த கொல்லை பத்தடிக்குப் பன்னிரண்டரை அடி. அதுவே 125! கூரையில்லாத இடத்தைக் கட்டடத்தோடு சேர்த்துவிட்டார்கள்.

"125 அடிக்கு என்ன பெரிசா கூடிரும்?" என்றார் என் கணவர். கூடியது அந்த இடத்துக்கான வரி மட்டுமல்ல. 2022-ல் தமிழ்நாட்டில் சொத்து வரியை உயர்த்தியபோது, நகராட்சிகளில் வீட்டின் அளவைப் பொறுத்து உயர்வை வைத்தார்கள். 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. ஆகவே எங்கள் வீடு 1,200 என்ற கோட்டைத் தாண்டியதாகப் பதிவானதால், 50 சதவீத உயர்வுக்குப் பதில் 75 சதவீதம் ஏறியிருந்தது. கொல்லைக்கு மட்டுமல்ல, முழு வீட்டுக்கும் விகிதம் கூடிப்போயிற்று!

வரைபட நகலும், பழைய ரசீதும், கொல்லையின் போட்டோவும் வைத்து மனு கொடுத்தோம். பில் கலெக்டர் வந்து அளந்தார். போகும்போது, "முடிவு வர்ற வரைக்கும் தள்ளுபடியை விட்டுராதீங்கம்மா, தேதி முக்கியம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்லவேளை, மாதம் முடியுமுன்பே திருத்தம் வந்துவிட்டது. 1,150 சதுர அடி, விகிதம் ரூ.1.20, வரி ரூ.1,380. முன்னதைவிட அரையாண்டுக்கு 405 ரூபாய் குறைவு.

இனி தள்ளுபடி. ஏப்ரலிலும் அக்டோபரிலும் அரையாண்டு தொடங்குகிறது. தொடங்கிய 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. எவ்வளவு பெரிய வரியானாலும் உச்சவரம்பு ரூ.5,000. ஐந்து சதவீதம் காண்பது சுலபம். 1,380-ல் பத்தில் ஒரு பங்கு 138, அதில் பாதி 69. கழித்தால் ரூ.1,311. அதைத்தான் கட்டினோம். பழைய பாக்கி இருந்தால் அதில் இந்தத் தள்ளுபடி கிடையாது. குடிநீர்க் கட்டணத்திலும் கிடையாது. எனவே மொத்தத் தொகையில் ஐந்து சதவீதம் கழித்து ஏமாற வேண்டாம்; நடப்பு அரையாண்டு வரியில் மட்டும் கழியுங்கள்.

படத்தை வைத்துக் கணக்குப் போடும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, ஓரம் வெட்டுப்படாத முழுப் படமாக வாங்குங்கள். விகிதம் அரையாண்டுக்கா, மாத வாடகை மதிப்பா என்பது பக்கத்து வரியில்தான் இருக்கும். மாத வாடகை மதிப்பாக இருந்தால் நேரே பெருக்கினால் வரி வராது. இரண்டாவது, பரப்பு எண் மிகச் சிறியதாக இருந்தால் அது சதுர மீட்டராக இருக்கலாம். ஒரு சதுர மீட்டர் சுமார் 10.76 சதுர அடி. எங்கள் 1,150 அதில் 107 என்றுதான் இருக்கும்.

கிராம ஊராட்சியில் இருப்பவர்களுக்கு வீட்டு வரி முறையே வேறு. இந்தக் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது. நகராட்சி வாசிகள் அடுத்த நோட்டீஸ் வந்ததும் வரியை விகிதத்தால் வகுத்துப் பாருங்கள். வருகிற எண் உங்கள் வீட்டின் பரப்புதானா என்று டேப் வைத்து ஒருமுறை அளந்துவிடுங்கள். குறிப்பாக 600, 1,200, 1,800 என்ற எண்களுக்குச் சற்று மேலே பதிவாகியிருந்தால், அளக்காமல் விடாதீர்கள்.