பன்னிரண்டு மணி ஷிப்டில் யாரைக் கேட்பது?

தொண்ணூறாவது நாள் மில்லின் மனிதவளப் பிரிவில் ஒரு படிவம் கொடுத்தார்கள். என் வேலை எனக்குத் தெளிவாகச் சொல்லப்பட்டதா, பயிற்சி போதுமானதாக இருந்ததா, மேலதிகாரியைத் தேவைப்பட்டபோது அணுக முடிந்ததா என்று மூன்று கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு எத்தனை என்று எண் போட வேண்டும். எண்ணைப் போடாமல் படிவத்தை வீட்டுக்கு எடுத்து வந்து, மூன்று மாதமாக எழுதிவந்த பாக்கெட் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு பதில் எழுதினேன்.

மதுரையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்தில், வயல்களுக்கு நடுவே இருக்கும் நூற்பாலை அது. டெக்ஸ்டைல் டிப்ளமா முடித்த கையோடு ஸ்பின்னிங் பிரிவில் பயிற்சிச் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். நியமனக் கடிதத்தில் இருந்தது "உற்பத்திப் பணிகளும் நிர்வாகம் அவ்வப்போது ஒப்படைக்கும் பிற பணிகளும்" என்ற ஒரே வரி. அப்போது அது போதும் என்றுதான் நினைத்தேன்.

பயிற்சி மூன்று வாரம் என்றார்கள். நாலாம் நாள் ஒரு ஷிப்ட் சூப்பர்வைசர் வேலையை விட்டுப் போய்விட்டார். ஐந்தாம் நாள் அந்த ஷிப்டில் நான் நின்றேன். ப்ளோரூம், கார்டிங், டிராயிங், சிம்ப்ளக்ஸ் என்று நாளுக்கொரு பிரிவாகச் சுற்றிப் பார்த்திருந்தேனே தவிர, நான் வேலை பார்க்கப்போகும் ரிங் ஃப்ரேமில் முழுதாக ஒரு ஷிப்ட் உட்கார்ந்து பார்த்ததில்லை.

இரண்டாவது வாரம் இரவு ஷிப்ட், பன்னிரண்டிலிருந்து காலை எட்டு வரை. இரண்டரை மணிக்கு அறுபதாம் கவுண்ட் ஓடிய ஒரு ஃப்ரேமில் நூல் அறுந்துகொண்டே இருந்தது. சைடர் பெண் ஒரு முனையில் இழை சேர்த்துவிட்டு வருவதற்குள் மறுமுனையில் நாலைந்து அறுந்துவிடும். அறுந்த இடத்தில் பஞ்சு உறிஞ்சு குழாய்க்குள் கழிவாகப் போய்க்கொண்டிருக்கும். அவர் மெதுவாக வேலை செய்கிறார் என்று முடிவுகட்டி, நாலு பேர் கேட்கச் சத்தம் போட்டேன். முப்பது வருடம் மில்லில் இருக்கும் ஜாபர் அருகில் வந்து, "தம்பி, புள்ளையத் திட்டாதீங்க. எந்த ஸ்பிண்டில்ல அறுகுதுன்னு மொதல்ல பாருங்க" என்றார்.

அன்று அவர் சொல்லிக்கொடுத்த பாடம்தான் மூன்று மாதத்தில் எனக்குக் கிடைத்த உண்மையான பயிற்சி. ஃப்ரேம் முன்னால் நின்று, அறுகிற ஒவ்வொரு இழைக்கும் ஸ்பிண்டில் எண்ணைக் குறிக்கச் சொன்னார். அந்த ஃப்ரேமில் 1,008 ஸ்பிண்டில். இரண்டு மணி நேரத்தில் 121 அறுப்பு. நூறு ஸ்பிண்டில் ஒரு மணி நேரம் ஓடினால் எத்தனை என்று கணக்கிட்டால் ஆறு. அந்த ஆறை மட்டும் வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. குறிப்பைப் பிரித்துப் பார்த்தபோது 121-ல் 58 அறுப்பு, வெறும் 19 ஸ்பிண்டில்களில் திரும்பத் திரும்ப நடந்திருந்தது.

ஒரே ஸ்பிண்டிலில் மீண்டும் மீண்டும் அறுந்தால் கோளாறு அந்த இடத்தில் இருக்கிறது. ரிங்கின் மேல் நூலை இழுத்துக்கொண்டு சுற்றும் சின்னக் கம்பி வளையமான டிராவலர் தேய்ந்திருக்கும், அல்லது ஸ்பிண்டில் ரிங்கின் நடுவில் நிற்காது, அல்லது மேல் ரோலரின் ரப்பர் வெட்டுப்பட்டிருக்கும். ஃப்ரேம் முழுக்கப் பரவலாக அறுந்தால் பஞ்சையும் சிம்ப்ளக்ஸ் பாபினையும் கூடத்தின் ஈரப்பதத்தையும் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்துச் சித்திரை வெயிலில் காற்று காய்ந்துபோனால் எல்லா ஃப்ரேமும் சேர்ந்து தொல்லை கொடுக்கும். இந்த இரண்டில் எதுவாக இருந்தாலும் அந்தச் சைடர் பெண் காரணமில்லை. மறுநாள் இரவு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அதற்குப் பிறகுதான் நிஜமான சிக்கல் தொடங்கியது. அந்த 19 இடங்களில் டிராவலர் மாற்றிப் பார்க்கவும், ஸ்பிண்டிலை மையம் பார்க்கவும் ஃப்ரேமை நிறுத்த வேண்டும். நிறுத்த எனக்கு அதிகாரம் உண்டா? ஃபிட்டர், மேனேஜர் சொன்னால்தான் கை வைப்பேன் என்றார். ஜாபர், சூப்பர்வைசர் சொன்னால் போதும் என்றார். நியமனக் கடிதத்தின் ஒற்றை வரியில் விடை இல்லை. லாக் புத்தகத்தில் எழுதிவைத்துவிட்டுப் போனேன். யாரோ "பார்க்கப்பட்டது" என்று கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஃப்ரேம் ஐந்து நாள் அப்படியே ஓடியது.

மேனேஜர் நல்ல மனிதர், கேட்டால் பொறுமையாகச் சொல்லித்தருவார். ஆனால் அவருக்குப் பொது ஷிப்ட், காலை எட்டரை முதல் மாலை ஐந்தரை வரை. எனக்கு வாரம் ஒரு ஷிப்ட் மாறும். இரவு ஷிப்டில் இருந்தால் அவர் வருவதற்கு அரை மணி முன்பே என் பஸ் கிளம்பிவிடும். நாலு மணி ஷிப்டில் அவரோடு ஒன்றரை மணி நேரம் கிடைக்கும், அதில் பாதி அவர் உற்பத்திக் கூட்டத்தில் இருப்பார். என் நோட்டின்படி தொண்ணூறு நாளில் அவரோடு உட்கார்ந்து வேலையைப் பற்றிப் பேசியது ஐந்து முறை. அவருடைய குணத்தில் குறையில்லை, நேரப் பட்டியல்தான் எங்களைப் பிரித்துவைத்தது.

எங்கள் தாத்தா மதுரை ஹார்வி மில்லில் வேலை பார்த்தவர். அவரை உள்ளே அழைத்துப்போனவர் அவருடைய மாமா, வேலை கற்றுக்கொடுத்தவரும் அவரே. ஷிப்ட் எதுவானாலும் கேட்க ஆள் பக்கத்து மெஷினில் இருந்தார். இன்று அந்த வழி அடைபட்டுவிட்டது, அதன் இடத்தில் வேறொன்றை யாரும் வைக்கவில்லை. வைக்க முடியாததும் அல்ல. 1976-ல் பதினொரு படுக்கைகளோடு இதே மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமத்துப் பெண்களைப் பள்ளிப் படிப்பு முடிந்ததும் எடுத்து இரண்டு ஆண்டு பழக்குகிறது. பார்வை அளப்பவர், அறுவை அரங்கில் உதவுபவர் என்று வேலையைப் பிரித்து, அந்தந்த வேலைக்கே தயார் செய்கிறார்கள். மூன்று வாரம் என்று சொல்லி நாலு நாளில் முடிப்பது வேறு வகை.

தொண்ணூறு நாள் கணக்கும் எங்கள் மில் கண்டுபிடித்ததல்ல. 1946-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த மாதிரி நிலையாணைகள், நிரந்தரக் காலியிடத்தில் தற்காலிகமாக அமர்த்தப்பட்டு மூன்று மாதம் முடிக்காத தொழிலாளியைத்தான் தகுதிகாண் பருவத்தினர் என்றன. அந்த மூன்று மாதமும் முதலாளி ஆளை எடைபோடும் காலம். ஆள் வேலையிடத்தை எடைபோடுவதற்கும் அதே காலம்தான் என்பதை அந்தப் படிவம் வந்த பிறகே உணர்ந்தேன்.

வேலைத் தெளிவுக்கு இரண்டு போட்டேன். எவற்றைக் கேட்காமல் நிறுத்தலாம், எவற்றுக்கு அனுமதி வேண்டும், இரவில் அனுமதி தருபவர் யார் என்று அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தால் நாலு போடுவேன் என்று கீழே எழுதினேன். பயிற்சிக்கு ஒன்று. ஜாபருக்கு மட்டும் என்றால் ஐந்து. அவர் கற்றுக்கொடுத்ததை அவருடைய வேலையாக மில் எழுதிவைத்து, அதற்கென்று படியும் தர வேண்டும் என்றேன். மேலதிகாரிக்கு எண்ணே போடவில்லை. வாரத்தில் ஒரு நாள் அவர் காலை ஏழு மணிக்கு வந்தால் இரவு ஷிப்டில் இருப்பவருக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும் என்று மட்டும் எழுதினேன்.

படிவத்தைக் கொடுத்து ஒன்றரை மாதம் ஆகிறது. அரைப் பக்கம் இன்னும் வரவில்லை, ஜாபருக்குப் படியும் வரவில்லை. புதன்கிழமைகளில் மேனேஜர் ஏழு மணிக்கு வந்துவிடுகிறார். போன வாரம் சேர்ந்த பையனுக்கு முதல் மூன்று வாரமும் பகல் ஷிப்ட் போட்டிருக்கிறார்கள்.