பக்கத்துக்கு எவ்வளவு?

பயனர் கையேடும் உதவிக் கட்டுரைகளும் எழுதிக் குடுக்கிற வேலையில எங்களிட்ட முதல் கேக்கிற கேள்வி, "பக்கத்துக்கு எவ்வளவு எடுப்பியள்?" எண்டதுதான். மொழிபெயர்ப்புக்கும் ரைப்பிங்குக்கும் அந்தக் கணக்குச் சரி. கையேட்டுக்கு அது தலைகீழா வேலை செய்யுது.

ஒரு உதாரணம். கடைகளில பில் போடுற மென்பொருள் ஒண்டுக்கு, வித்த சாமானைத் திருப்பி எடுக்கிறது எப்பிடி எண்டு ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. அதைச் செய்த எஞ்சினியர் அண்ணாவிட்டக் கேட்டம். "அது சிம்பிள், Return அமத்தினா ஸ்டொக் தன்ர பாட்டில கூடும்" எண்டார். எஞ்சினியர்மார் பெரும்பாலும் இப்பிடித்தான், உள்ளுக்க என்ன நடக்குது எண்டதைச் சொல்லுவினம். காசாளருக்குத் தேவை தான் எதை அமத்த வேணும் எண்டது.

அதனால விளக்கம் கேக்கிறதை விட்டிட்டு, "அண்ணா, காசாளரின்ர கணக்கால உள்ள போய் ஒருக்காச் செய்து காட்டுங்கோ" எண்டம். அவர் எப்பவும் நிர்வாகி கணக்கில வேலை செய்யிறவர். காசாளரின்ர திரையில Return பட்டன் மங்கலாக் கிடந்தது. மனேஜரின்ர இரகசிய இலக்கம் போட்டாத்தான் திறக்கும். பிறகு, "நேற்றைய பில்லோட ஆள் வந்தா?" எண்டு கேட்டம். கொஞ்சம் யோசிச்சார். இரவு கணக்கு மூடினாப் பிறகு பழைய பில்லைத் தொட ஏலாது, தொட்டா மூடின காசுக் கணக்குப் பிழைக்கும். அதுக்குப் புதுசா ஒரு கிரெடிட் நோட் போட வேணுமாம். கடையில ஆக்கள் தடுமாறுற இடம் இதுதான். கேக்காட்டி இது கட்டுரையில வந்தே இராது.

முதல் வரைவு நாலு பக்கம். மென்பொருளையே பாக்காத ஒரு நண்பியிட்டக் குடுத்து, வாயால ஒண்டும் சொல்லாமப் பாத்துக்கொண்டிருந்தம். அவள் வாசிக்காமத் தாண்டின பந்தியளை வெட்டினம், நிண்டு யோசிச்ச இடத்தில படம் வைச்சம். கடைசியில ஒண்டரைப் பக்கம்.

இப்ப கணக்கைப் பாருங்கோ. பக்கத்துக்கு 1000 ரூபா எண்டா வெட்டாத வரைவுக்கு 4000, வெட்டினதுக்கு 1500. கதைச்சது, சோதிச்சது, எழுதினது எல்லாம் ஆறு மணித்தியாலம்; மணிக்கு 250 ரூபா. நல்லாச் செய்யச் செய்யக் காசு குறையுது.

அதால இப்ப நாங்கள் பணிக்கு விலை சொல்லுறம்: "சாமான் திருப்பி எடுத்தல்" ஒரு பணி. ஒரு மணித்தியாலச் சந்திப்பும் ரெண்டு தரம் திருத்தமும் அதுக்குள்ள அடக்கம். பக்கக் கணக்குத்தான் வேணும் எண்டு நிக்கிறவையோட, 300 சொல் ஒரு பக்கம், அம்புக்குறி போட்ட திரைப்படம் ஒவ்வொண்டும் கால் பக்கம் எண்டு முதலே எழுதி வாங்குவம். அந்த நிறுவனம் பணி விலைக்கு ஓம் எண்டிட்டுது. சந்திப்பு நேரத்துக்கு மட்டும் காசு தராதாம். எஞ்சினியரை எங்களோட இருத்துறது தங்கட செலவாம். அதில இன்னும் இழுபறிதான்.